"வேண்டாம் தம்பி": ஒரு குறும்படத்துக்குக் குழந்தையைக் கேட்டு எழுதிய இரண்டு மெயில்கள்

முதல் மெயிலுக்கு வந்த பதில் இரண்டே சொல். "வேண்டாம் தம்பி." அதற்கு மேல் ஒரு காரணம் கிடையாது, ஒரு கோபம் கூடக் கிடையாது. ரெண்டு நாள் அதையே திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் ஐந்து வாரம் கழித்து அதே வீட்டிலிருந்து கையெழுத்து கிடைத்தது, படமும் எடுத்தோம். நடுவில் மாறியது கதையில்லை, குழந்தையில்லை, மெயில் மட்டும்தான். குறும்படம் எடுக்கிற பலரும் என்னுடைய முதல் மெயில் மாதிரியேதான் எழுதுகிறார்கள் என்பதால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

கதை இதுதான். ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி, குடித்துவிட்டு பஸ் ஸ்டாண்டில் கிடக்கிற அப்பாவை எழுப்பி வீட்டுக்குக் கூட்டிவருகிறாள். 14 நிமிடம். அப்பா, பொண்ணு, ஒரு டீக்கடைக்காரர், அவ்வளவுதான் ஆட்கள். லொக்கேஷன் அம்பாசமுத்திரம் பக்கம். பொண்ணாக நடிக்க எனக்கு ஒரு குழந்தை வேண்டும், ஆனால் டிவி நிகழ்ச்சிகளில் பேசிப் பழகிய குழந்தை வேண்டாம் என்று ஊரூராக அலைந்துகொண்டிருந்தேன். ஒரு கோயில் கொடைத் திருவிழாவில் கும்மி அடித்துக்கொண்டிருந்த பிள்ளைகளில் ஒருத்தி, தப்பாக அடித்துவிட்டு யாரும் பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தாள். அந்தத் திரும்பல்தான் எனக்கு வேண்டியது.

அங்கேயே முதல் தப்பைச் செய்தேன். நேரே அவளிடமே போய், "பாப்பா, சினிமால நடிக்கியா?" என்று கேட்டுவிட்டேன். அவள் ராத்திரியே வீட்டில் போய்ச் சொல்லியாயிற்று. மெயில் போய்ச் சேர்வதற்குள் அந்த வீட்டில் அப்பாவும் அம்மாவும் 'சரி' சொல்பவர்களாக அல்லது பிள்ளையின் ஆசையைக் கெடுப்பவர்களாக, இரண்டில் ஒன்றாக ஆகிவிட்டிருந்தார்கள். அனுமதி கேட்கப்போகிறவன் அவர்களுக்கு அந்த நெருக்கடியை உண்டாக்கிவிட்டு, அதற்குப் பிறகு மரியாதையாக 'தங்கள் சம்மதம் வேண்டி' என்று எழுதினால் யாருக்கு எரிச்சல் வராது?

முதல் மெயிலை அப்படியே தருகிறேன். என் பெயரை மட்டும் எடுத்துவிட்டேன்.

"வணக்கம் சார்/மேடம். நான் ஒரு இளம் இயக்குநர். உங்கள் மகளைக் கோயில் கொடையில் பார்த்தேன். அவளுடைய கண்களில் ஒரு உயிர் இருக்கிறது. நாங்கள் எடுக்கும் குறும்படம் மிகவும் உணர்வுபூர்வமான ஒரு அப்பா-மகள் கதை. பல திரைப்பட விழாக்களுக்கு அனுப்ப இருக்கிறோம். மொத்தம் மூன்று நாள் ஷூட்டிங். உங்கள் மகளின் ஐந்து போட்டோவும், அவள் சிரிப்பது, அழுவது போல ஒரு நிமிட வீடியோவும் வாட்ஸப்பில் அனுப்பவும். ஸ்கிரிப்டை இணைத்திருக்கிறேன். வரும் வெள்ளிக்குள் பதில் சொன்னால் நல்லது, இன்னொரு குழந்தையையும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இது அவளுக்கு ஒரு பெரிய வாய்ப்பு."

எழுதும்போது இது எனக்கு அடக்கமான, நல்ல மெயிலாகத்தான் பட்டது.

அந்த வீட்டு அண்ணாச்சி தாலுகா ஆபீஸ் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். மனசு கேட்காமல் ஒரு வாரம் கழித்துக் கடைக்கே போனேன், கேட்பதற்கு இல்லை, முதலில் பிள்ளையிடம் கேட்டதற்கு மன்னிப்புச் சொல்ல. அவர் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, கல்லாவுக்குக் கீழிருந்து ஒரு தாளை எடுத்தார். என் மெயிலைப் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தார், சிவப்புப் பேனாவால் அங்கங்கே கோடு. 'கண்களில் ஒரு உயிர்' என்பதற்குக் கீழே ஒரு கோடு. 'போட்டோவும் வீடியோவும்' என்பதைச் சுற்றி வட்டம். 'வெள்ளிக்குள்' என்பதற்கு இரண்டு கோடு. ஸ்கிரிப்ட் 22 பக்கம், அதையும் பிரிண்ட் எடுத்திருந்தார், 11-ஆம் பக்கத்தின் மூலை மடிந்திருந்தது.

"தம்பி, நீங்க நல்லவராவே இருக்கலாம். ஆனா இதே மாதிரி ஒரு லெட்டர ஒரு திருட்டுப்பயலும் எழுதுவான். இதுல எந்த வரிய வச்சு நான் பிரிச்சுப் பாக்கது?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் நின்றேன். அவர் சொன்னது சரி. நடிக்க வைக்கிறோம் என்று ஏமாற்றுகிறவர்களின் வழக்கமான வேலையே இதுதானே: முதலில் பிள்ளையைப் புகழ்வது, போட்டோ வீடியோ கேட்பது, சீக்கிரம் முடிவெடுக்கச் சொல்வது, அப்புறம் 'போர்ட்ஃபோலியோ' எடுக்க, 'ரெஜிஸ்ட்ரேஷன்' செய்ய என்று பணம் கேட்பது. நான் பணம் மட்டும்தான் கேட்கவில்லை, மற்ற மூன்றும் என் மெயிலில் வரிசையாக இருந்தன. ஒன்பது வயதுப் பெண் அழுகிற மாதிரி வீடியோவை முன்பின் தெரியாத ஒருவனுக்கு வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன் என்பதே அந்தச் சிவப்பு வட்டத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

மடித்து வைத்த 11-ஆம் பக்கம் அதைவிட முக்கியம். அதில்தான் அப்பா பொண்ணைக் கன்னத்தில் அறைகிற சீன் இருந்தது. மெயிலில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. 'உணர்வுபூர்வமான அப்பா-மகள் கதை' என்று எழுதிவிட்டு, அறையை 22 பக்கத்துக்குள் ஒளித்து வைத்த மாதிரிதான் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நான் ஒளிக்கவில்லை, ஸ்கிரிப்டைப் படிப்பார்கள் என்று நினைத்தேன். ஆனால் ஸ்கிரிப்ட் படித்துப் பழகாத ஒருவருக்கு அதில் 'மகளின் முகம் க்ளோசப், அறை விழுகிறது' என்று இருந்தால் அவர் மனசில் ஓடுவது என்ன? உண்மையாகவே அறைவார்கள் என்பதுதான். அதை எப்படி எடுப்போம் என்பது எனக்குத் தெரியும், கேமராமேனுக்குத் தெரியும், அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

அன்றைக்குச் சாயங்காலம் அண்ணாச்சி என்னை வீட்டுக்கு அழைத்துப் போனார். அக்கா கேட்டது மூன்று கேள்வி. அவளை உண்மையிலேயே அடிப்பீங்களா? பஸ் ஸ்டாண்டில் ராத்திரி எத்தனை மணி வரைக்கும் இருக்கணும், பாத்ரூம் எங்கே? குடிகாரராக நடிக்கிற ஆள் யார்? கட்டிலில் உட்கார்ந்திருந்த ஆச்சி அதுவரை பேசவேயில்லை. கடைசியில், "நாளைக்கு இவ வயசுக்கு வந்த பொறவு, குடிகாரன் மவள்னு எவனாவது சொன்னா அதுக்கு என்ன செய்வ?" என்றார். அந்த வீட்டில் உண்மையில் முடிவு சொல்லப்போகிறவர் யார் என்பது அப்போதுதான் புரிந்தது. மெயில் அவருக்கும் சேர்த்து எழுதப்பட வேண்டும், யாராவது வாசித்துக் காட்டினால் அவருக்குப் புரிகிற தமிழில்.

அன்று நான் எதற்கும் வாயால் பதில் சொல்லவில்லை. "எழுதித் தாரேன் அக்கா" என்று சொல்லிவிட்டு வந்தேன். வாயால் சொன்னால் அந்த நேரத்துக்கு எல்லாவற்றுக்கும் 'ஆமா, ஆமா' என்றுதான் சொல்லியிருப்பேன்.

எழுத உட்கார்ந்தபோது சட்டத்தைப் படிக்க வேண்டியிருந்தது. குறும்படத்துக்கெல்லாம் எதற்குச் சட்டம் என்று நானும்தான் நினைத்திருந்தேன். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-இல் வந்தது, 2016-இல் அதைத் திருத்தினார்கள். 14 வயதுக்குக் கீழே யாரையும் வேலைக்கு வைக்கக்கூடாது என்பதுதான் அடிப்படை, அதற்கு இருக்கிற மிகச் சில விலக்குகளில் ஒன்று நடிப்பு, படிப்பு கெடாமல் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. 2017-இல் வந்த விதிகளில் 2-சி என்று ஒரு பகுதி இருக்கிறது, முழுக்க நம்மைப் பற்றியதுதான். ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. எங்கே ஷூட்டிங் நடக்கிறதோ அந்த மாவட்ட ஆட்சியரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். 'படிவம் சி' என்ற உறுதிமொழி, பெற்றோரின் சம்மதம், குழந்தைகளின் பட்டியல், குழந்தையின் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு என்ற பெயர் எல்லாம் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அந்தப் பொறுப்பாளர் அதிகபட்சம் ஐந்து குழந்தைகளைத்தான் பார்த்துக்கொள்ளலாம். சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் நேரடியாகக் குழந்தையின் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கி ஒன்றில் வைப்புநிதியாகப் போட வேண்டும். குழந்தைக்கு விருப்பம் இல்லாமல் எதிலும் பங்கேற்க வைக்கக்கூடாது என்பதும் அதிலேயே இருக்கிறது. ஒலி-ஒளி தயாரிப்பு எதுவானாலும் என்றுதான் விதி சொல்கிறது, பட்ஜெட் இவ்வளவுக்கு மேல் இருந்தால்தான் என்று எங்கும் இல்லை.

இதையெல்லாம் படித்ததும் எனக்கு முதலில் வந்தது எரிச்சல்தான், பொய் சொல்ல மாட்டேன். கையில் இருப்பதே மூன்று நாள் கேமரா வாடகைக்கான பணம். ஆனால் விதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஷெட்யூலைப் பார்த்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. என்னுடைய மூன்று நாளில் பாப்பாவுக்கு முதல் நாள் ஒன்பது மணி நேரம், இரண்டாம் நாள் எட்டரை, மூன்றாம் நாள் இரண்டரை. மொத்தம் இருபது. ஐந்து மணி நேரக் கணக்கில் வைத்தால் சரியாக நான்கு நாள். ஆக ஒரு நாள்தான் கூடுகிறது. அந்த ஒரு நாள் வாடகையும் யூனிட் பேட்டாவும்தான் மொத்த வித்தியாசம், அதற்காகத்தான் ஒரு குழந்தையை ஒன்பது மணி நேரம் நிற்க வைக்க இருந்தேன்.

இரண்டாம் மெயிலை எழுத நான்கு நாள் ஆயிற்று. கதையைப் பற்றி ஐந்தே வரி. குழந்தையைப் புகழ்ந்து ஒரு வரி கூட இல்லை. முக்கியமான பகுதிகளை மட்டும் தருகிறேன்.

"அண்ணாச்சிக்கும் அக்காவுக்கும், ஆச்சிக்கும் வணக்கம். பாப்பாவிடம் முதலில் கேட்டது என் தப்பு. இந்த மெயிலைப் பற்றி அவளிடம் நீங்களாகச் சொல்கிற வரை நான் அவளிடம் பேச மாட்டேன். பதிலுக்குத் தேதி எதுவும் இல்லை. வேண்டாம் என்றால் காரணம் சொல்ல வேண்டியதில்லை. போட்டோ, வீடியோ எதுவும் அனுப்ப வேண்டாம். பார்க்க வேண்டுமானால் உங்கள் வீட்டுக்கு வந்து, நீங்கள் இருக்கும்போது பார்க்கிறேன். உங்களிடம் எந்தக் காலத்திலும், எதற்காகவும் பணம் கேட்க மாட்டோம்."

"நான் யார் என்பதற்கு: என் ஆதார் நகல், வீட்டு முகவரி, இதற்கு முன் எடுத்த குறும்படத்தின் லிங்க் இணைத்திருக்கிறேன். அந்தப் படத்தில் நடித்த பையனின் அம்மா உங்களோடு பேசச் சம்மதித்திருக்கிறார், அவர் நம்பரைக் கேட்டால் தருகிறேன். என்ன கேட்க வேண்டுமோ கேளுங்கள், நான் பக்கத்தில் இருக்க மாட்டேன்."

இந்த இரண்டாவது பத்திதான் அண்ணாச்சியின் கேள்விக்குப் பதில். திருட்டுப்பயல் எழுத முடியாத வரி எது என்று யோசித்துத்தான் எழுதினேன். ஆதார் நகலை யார் வேண்டுமானாலும் போலியாகச் செய்யலாம். ஆனால் முன்னால் நடித்த பிள்ளையின் அம்மாவோடு தனியாகப் பேசுங்கள் என்று சொல்வது கஷ்டம். அக்கா அவரிடம் முக்கால் மணி நேரம் பேசியிருக்கிறார். அதில் என் முன்கோபத்தைப் பற்றியும் பேச்சு வந்ததாம். வரட்டும்.

அடுத்து அந்த அறை.

"ஸ்கிரிப்டில் 11-ஆம் பக்கத்தில் அப்பா மகளை அறைகிற சீன் இருக்கிறது. அவள் மேல் யாருடைய கையும் படாது. இரண்டு துண்டாக எடுப்போம். முதல் துண்டில் பாப்பா அங்கே இருக்கவே மாட்டாள். நடிகர் கையை வீசுவதை மட்டும் அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து எடுப்போம், எதிரே அவள் உயரத்துக்கு உதவி இயக்குநர் முட்டிபோட்டு நிற்பார். இரண்டாவது துண்டில் பாப்பா மட்டும். நான் கையைத் தட்டினதும் அவள் முகத்தை வலது பக்கம் திருப்ப வேண்டும், அவ்வளவுதான். அப்போது நடிகர் அந்த இடத்திலேயே இருக்க மாட்டார். சத்தத்தைப் பிறகு சேர்ப்போம். அழுகைக்காக அவளைத் திட்டவோ, பயமுறுத்தவோ, பொய்யாக எதுவும் சொல்லவோ மாட்டோம். கிளிசரினும் வேண்டாம். அழுகை வராவிட்டால் முகத்தைக் காட்டாமல் முதுகைக் காட்டுவோம்."

குழந்தையை எப்படி அழவைப்பது என்பது குறும்பட உலகத்தில் ரொம்பச் சாதாரணமாகப் பேசுகிற விஷயம். அம்மா போய்விட்டாள் என்று சொல்வது, கையில் இருப்பதைப் பிடுங்குவது, எல்லோர் முன்னாலும் திட்டுவது. அப்படி எடுத்த ஒரு ஷாட்டைப் பெருமையாகச் சொல்கிறவர்களை நானே கேட்டிருக்கிறேன், சிரித்துமிருக்கிறேன். ஒரு அம்மாவுக்கு எழுத்தில் 'இதைச் செய்ய மாட்டேன்' என்று எழுதும்போதுதான், எழுதாமல் இருந்திருந்தால் கடைசி நிமிடத்தில் வெளிச்சம் போகிற அவசரத்தில் நானும் செய்திருப்பேன் என்பது தெரிந்தது.

நேரத்துக்கு வருவோம். ஷூட்டிங்கைக் காலாண்டு லீவுக்குத் தள்ளினேன். நான்கு நாள், ஒவ்வொரு நாளும் பிற்பகல் 2 முதல் 7 வரை, வந்து இறங்குவதிலிருந்து கிளம்புவது வரை ஐந்து மணி நேரம் என்று எழுதினேன். மேக்கப்பும் காத்திருப்பும் இதற்குள் வருமா என்று விதி தனியாகப் பிரித்துச் சொல்லவில்லை, ஆனால் குழந்தைக்குக் காத்திருப்பதுதான் நடிப்பதைவிடக் களைப்பு, அதனால் எல்லாவற்றையும் உள்ளே வைத்தேன். ராத்திரி எட்டு மணி என்று எழுதியிருந்த பஸ் ஸ்டாண்ட் சீனைப் பொழுது சாய்கிற நேரத்துக்கு மாற்றினேன். சூரியன் இறங்கியபின் இருபது நிமிடம் போல வானம் கருநீலமாக இருக்கும், கடை விளக்கெல்லாம் எரிந்துவிட்டிருக்கும், கேமராவுக்கு அது ராத்திரிதான். நாளைக்கு இருபது நிமிடம் என்று மூன்று நாளில் பிரித்து எடுத்தோம். கன்டினியூட்டிக்காக டீக்கடைக்காரர் மூன்று நாளும் அதே சட்டையைத் துவைக்காமல் போட்டுக்கொண்டு வந்தார்.

பாத்ரூம் கேள்விக்கு, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு வீட்டின் முன்னறையையும் பாத்ரூமையும் நான்கு நாளைக்கு வாடகைக்கு எடுத்து, அந்த வீட்டம்மாவின் பெயரை எழுதினேன். பொறுப்பாளர் என்று முதலில் என் தயாரிப்பு மேனேஜரைத்தான் நினைத்திருந்தேன். அவருக்கு சாப்பாட்டு வண்டி, பெட்ரோல், போலீஸ் பர்மிஷன் என்று நூறு வேலை. அதனால் ஒரு பெண் உதவி இயக்குநரை எடுத்து, அவருக்கு வேறு எந்த வேலையும் கிடையாது, நேரம் ஆனதும் கேமரா ஓடிக்கொண்டிருந்தாலும் நிறுத்தச் சொல்லும் உரிமை அவருக்கு உண்டு என்று மெயிலில் எழுதினேன். வீட்டில் ஒருவர் எப்போதும் கூட இருக்கலாம், மானிட்டர் பக்கத்தில் அவருக்கு நாற்காலி.

சம்பளம் நாளைக்கு 5,000, நான்கு நாளுக்கு 20,000 ரூபாய். குறும்படத்தில் குழந்தைக்குச் சம்பளமா என்று நண்பர்கள் கேட்டார்கள், வழக்கம் என்னவென்றால் ஒரு சைக்கிளோ டிரஸ்ஸோ வாங்கிக் கொடுப்பது. இருபது சதவீதம் என்றால் 4,000 ரூபாய் அவள் பெயரில் டெபாசிட். அவள் பெயரில் கணக்கே இல்லை, அதைத் திறக்கப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும், அதில் இனிஷியல் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி. அதைச் சரிசெய்வதிலேயே பத்து நாள் போயிற்று. ஆட்சியர் அலுவலகத்துக்குக் கொடுத்த மனுவும் மூன்று வாரம் எடுத்தது, அதில் பாதி நாங்கள் சேர்க்க மறந்த தாள்களால். ஆரம்பித்தவுடன் இந்த இரண்டு வேலையையும் தொடங்கவில்லை என்றால் லீவு போய்விடும் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். உறுதிமொழி ஆறு மாதத்துக்குத்தான் செல்லும் என்பதையும்.

ஆச்சியின் கேள்விதான் கடினம். படம் வெளியே போன பிறகு என்ன? இதற்கு மட்டும் நான் நல்ல பதில் எழுத முடியவில்லை, உண்மையான பதில்தான் எழுதினேன்.

"டைட்டிலில் அவள் முழுப்பெயர், ஊர்ப்பெயர் வராது, நீங்கள் சொல்கிற பெயர்தான் வரும். அவள் படிக்கிற பள்ளியின் யூனிஃபார்ம் போடமாட்டாள். அறை சீனிலிருந்து ஒரு ஃபோட்டோ கூட போஸ்டரிலோ, டிரெய்லரிலோ, ரீல்ஸிலோ போடமாட்டோம். யூடியூபில் போடும்போது கமெண்ட்டை மூடிவைப்போம். எடிட் முடியும் முன் உங்களுக்குப் போட்டுக் காட்டுவேன், அவள் வருகிற எந்த ஷாட்டையாவது எடுக்கச் சொன்னால் எடுப்பேன். பின்னால் எப்போது சொன்னாலும், பெரியவளான பிறகு அவளே சொன்னாலும், எங்கள் சேனலிலிருந்து படத்தை எடுத்துவிடுவேன். ஆனால் அதற்குள் வேறு யாராவது டவுன்லோடு செய்து வைத்திருந்தால் அதை என்னால் தடுக்க முடியாது. இதை யோசித்துத்தான் நீங்கள் முடிவு செய்ய வேண்டும்."

இந்தக் கடைசி இரண்டு வரியை எழுதலாமா என்று ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன். நண்பன் ஒருத்தன் எடுத்துவிடச் சொன்னான், 'நீயே அவங்களுக்கு வேண்டாம்னு சொல்லிக்கொடுக்கிற' என்றான். விட்டுவைத்தேன். பின்னால் அண்ணாச்சி சொன்னது, ஆச்சி அந்த இடத்தில்தான் நிறுத்தி இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாராம்.

மெயிலோடு பாப்பாவுக்கென்று அரைப் பக்கம் தனியாக இருந்தது, அக்கா வாசித்துக் காட்ட. கதை என்ன, அவள் என்ன செய்ய வேண்டும், வேண்டாம் என்று தோன்றினால் கையைத் தூக்கினால் போதும், யாரும் ஏன் என்று கேட்க மாட்டோம் என்று. ஒன்பது வயதுக் குழந்தை போடுகிற கையெழுத்து ஒப்பந்தமாகச் செல்லாது, மைனர் ஒப்பந்தம் செய்துகொள்ள முடியாது என்பது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்திலிருந்தே வருகிறது, பெற்றோர்தான் கையெழுத்துப் போட வேண்டும். ஆனாலும் அந்த அரைப் பக்கத்தின் கீழே அவளும் பெயர் எழுதியிருந்தாள், பக்கத்தில் ஒரு பூ வரைந்து.

அந்தத் தாள் இரண்டாம் நாளே வேலைக்கு வந்தது. தள்ளாடுகிற அப்பா அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்க முயன்று, முடியாமல் இறக்கிவிடுகிற ஷாட். படத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். பாப்பா நடிகரிடம் இரண்டு நாளாகச் சிரித்துப் பேசிக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் தூக்கப்போகும்போது கையைத் தூக்கிவிட்டாள். நான் "ஒரே ஒரு டேக்தான் பாப்பா" என்று ஆரம்பித்தேன். நாற்காலியில் இருந்த அக்கா ஒன்றும் பேசவில்லை, பையிலிருந்து அந்தப் பிரிண்டை எடுத்து மடியில் விரித்து வைத்துக்கொண்டார். நான் அப்படியே நிறுத்திக்கொண்டேன். அவள் அப்பாவுக்கு ரெண்டடி பின்னால் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வருவதாக மாற்றினோம். அது நன்றாக வந்தது என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். எனக்கு இன்னும் அந்தத் தோள் ஷாட் இல்லாத இடம் உறுத்திக்கொண்டுதான் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. ஏன் வேண்டாம் என்றாள் என்று இன்றுவரை தெரியாது, கேட்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேனே.

மூன்றாம் நாள் ஏழு மணி தாண்டி இன்னொரு டேக் போகப் பார்த்தேன். பொறுப்பாளர் லென்ஸுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். யூனிட்டே சிரித்தது. அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இவ்வளவு பார்த்துப் பார்த்து எழுதிய மெயிலில் ஒன்றைக் கோட்டை விட்டிருந்தேன்: டப்பிங். பஸ் ஸ்டாண்ட் இரைச்சலில் எடுத்த வசனம் எதுவும் தேறாது என்பது எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும், பாப்பா திரும்பப் பேசியாக வேண்டும் என்பதும் தெரியும். அது எனக்கு அவ்வளவு பழகிப்போன வேலை என்பதால் அதை அவள் செய்யப்போகிற வேலையாகவே நினைக்கவில்லை, எழுத மறந்துவிட்டேன். ஷூட்டிங் முடிந்து ஒரு மாதம் கழித்து அண்ணாச்சிக்கு போன் போட்டு, ஒரு நாள் சென்னைக்குக் கூட்டிவர முடியுமா என்றேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"டப்பிங்னு மெயில்ல இல்லையே தம்பி."

இல்லைதான். சென்னை வேண்டாம், நான் அங்கே வருகிறேன் என்றேன். நல்ல ரூம் கிடைக்கவில்லை, அவர்கள் வீட்டில் தெருச் சத்தம். கடைசியில் அவரே ஒரு யோசனை சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஷட்டரை இறக்கிவிட்டால் கடைக்குள் சத்தம் வராது. போய்ப் பார்த்தேன். மூன்று சுவரிலும் கூரை வரைக்கும் பேப்பர் பண்டல், எதிரொலியே இல்லை, ஸ்டுடியோவில் கூட இப்படிக் கிடைக்காது. ஃபேனை நிறுத்தியதும் மைக்கைப் போட்டேன்.

"பொறுங்க" என்றார் அண்ணாச்சி. கம்ப்யூட்டரைத் திறந்து என்னுடைய பழைய மெயிலுக்கு ரிப்ளையில் ஒரு வரி டைப் செய்தார். 'டப்பிங்: ஒரு நாள், 2 மணி நேரம், எங்க கடையில், 2,000 ரூபாய், அதுல 400 டெபாசிட்.' திரையை என் பக்கம் திருப்பினார்.

"இத உங்க பேர்ல அனுப்புங்க தம்பி. பிரிண்ட் எடுத்து அதோட வச்சுக்கிடுதேன்."

அனுப்பினேன். அவர் பிரிண்ட் எடுத்தார். பாப்பா மைக் முன்னால் ஸ்டூலில் ஏறி உட்கார்ந்துவிட்டிருந்தாள்.